“இதுல என்ன போட்டிருக்கு சார்?”: இரண்டு எழுத்தில் வரும் அறிவிப்பைப் படித்துக் கொடுத்தல்

ஒரு நாள் மாலை ஏழரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சித்தேரி மலை அடிவாரத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் ஒரு மாணவியின் தாயார் அனுப்பியது. படத்தின் கீழே ஒரே வரி: “இதுல என்ன போட்டிருக்கு சார்?”

சுவரில் ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பைச் சாய்வாக நின்று எடுத்த படம் அது. மேலே நான்கு வரி தமிழ், நடுவில் மூன்று வரி ஆங்கிலம், கீழே இரண்டு வரி தமிழும் ஆங்கிலமும் கலந்து. ஆங்கில வரிகளின் மேல் ஊதா மையில் ஒரு முத்திரை விழுந்திருந்தது. வலது ஓரம் மங்கலாக இருந்தது.

இப்படிப்பட்ட படங்கள் நம் எல்லோருக்கும் வருகின்றன. பெற்றோர் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. சிலருக்கு இரண்டும் சிரமம். நாமும் அவசரத்தில் தமிழ் வரிகளை மட்டும் படித்து, “ஆதார், பாஸ்புக் எடுத்துக்கிட்டுப் போங்கம்மா” என்று பதில் போட்டுவிடுகிறோம். அன்றைக்கு நானும் அப்படித்தான் செய்ய இருந்தேன். அந்த மாணவி எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் தேர்ச்சி பெற்றவள். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய். ஆண்டுதோறும் விண்ணப்பத்தைப் புதுப்பித்தால்தான் அடுத்த ஆண்டுத் தொகை வரும். படத்தில் இருந்தது அந்தப் புதுப்பித்தல் பற்றிய அறிவிப்பு. எனவே ஒரு வரியும் விடாமல் படித்துக் கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். அப்போது கற்றுக்கொண்டதையும், பிறகு எட்டாம் வகுப்பில் அதைப் பாடமாக நடத்தியதையும் இங்கே எழுதுகிறேன்.

600 ரூபாய் எங்கிருந்து வந்தது?

முதலில் செய்தது, படத்திலிருந்து எழுத்துகளை நகலெடுத்துத் தரும் ஒரு ஸ்கேனர் செயலியில் படத்தைப் போட்டது. ஆங்கில வரிகள் ஓரளவு சரியாக வந்தன. தமிழ் வரிகள் வந்த விதம் இது:

```
LDIT600T6UIT
```

அருகில் இருந்த என் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, “அறுநூறு ரூபா கட்டணுமாப்பா?” என்றான். அறிவிப்பில் அறுநூறு என்ற எண்ணே இல்லை. அங்கே இருந்த சொல் ‘மாணவர்’.

அந்தச் செயலி ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்தது. தமிழ் எழுத்து ஒன்றைக் காட்டினால், “எனக்குத் தெரியாது” என்று அது சொல்வதில்லை. தனக்குத் தெரிந்த எழுத்துகளில் எது ஒத்த உருவமோ அதைப் போட்டுவிடும். ‘ம’ அதன் கண்ணுக்கு `LD` ஆகிறது. துணைக்கால் `IT` ஆகிறது. ‘ண’வில் உள்ள சுழிகள் 6, 0, 0 என்றும் கடைசிக் கோடு `T` என்றும் தெரிகின்றன. ‘வ’ `6U` ஆகிறது. கடைசி ‘ர்’ மறுபடியும் `IT`. இந்த விளக்கத்தைக் கரும்பலகையில் எழுத்துக்கு எழுத்து வரைந்து காட்டினால் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

செயலிகள் பலவும் இப்படி இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆண்ட்ராய்டு செயலி எழுதுவோர் எளிதாகச் சேர்த்துக்கொள்ளக் கூகுள் தரும் `ML Kit` என்ற தொகுப்பில், படத்தில் உள்ள எழுத்தைக் கைபேசியிலேயே வாசிக்கும் பகுதி ஒன்று உள்ளது. நான் பார்த்த வரை அது லத்தீன், தேவநாகரி, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய எழுத்துகளுக்குத்தான் இருக்கிறது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அதே கூகுளின் லென்ஸ் செயலி தமிழை நன்றாகவே வாசிக்கிறது. ஆகவே ஒரு செயலி தமிழைக் குழப்பினால் படம் மோசம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். முதலில் அந்தச் செயலிக்குத் தமிழ் எழுத்து தெரியுமா என்று பாருங்கள். ஆங்கிலமும் எண்களும் அடர்த்தியாகக் கலந்து, பொருளற்ற சொற்களாக வந்தால், அது தமிழை ஆங்கிலக் கண்ணால் பார்த்ததன் அடையாளம்.

இரண்டையும் சேர்த்துக் கேட்டால்?

தமிழும் ஆங்கிலமும் தெரிந்த வாசிப்பான் ஒன்றிடம் முழுப் படத்தையும் கொடுத்தால் சரியாகிவிடாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். டெசராக்ட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. எச்.பி. நிறுவனத்தில் 1980களில் தொடங்கி, 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து எழுத்தைத் தனித்தனியாகப் பார்க்காமல் வரியாகப் பார்த்து வாசிக்கிறது. இணையம் இல்லாமலே வேலை செய்யும். மாணவர் பெயர், ஆதார் எண் உள்ள படங்களை ஏதோ ஒரு இணையதளத்தில் ஏற்றும் கவலை இல்லை என்பதே எனக்கு அதன் பெரிய பயன். அரசு மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸ் டெபியன் வழி வந்தது. அதிலும் உபுண்டுவிலும் இப்படி நிறுவலாம்:

```
sudo apt install tesseract-ocr tesseract-ocr-tam
```

இரண்டு மொழியையும் சேர்த்துக் கேட்க `tam+eng` என்று கொடுக்க வேண்டும். முழுப் படத்துக்கும் அப்படிக் கொடுத்தேன். முன்பைவிட நன்றாக வந்தது, ஆனால் ஆங்காங்கே தமிழ் வரிக்குள் ஆங்கில எழுத்துகள் புகுந்திருந்தன. மென்பொருள் சொல்லுக்குச் சொல் இரண்டு கண்ணாலும் பார்த்து, எதில் நம்பிக்கை அதிகமோ அதை எடுக்கிறது. தெளிவான சொல்லில் தவறு வராது. மங்கிய சொல்லில்தான் வரும். மங்கலான ஒரு தமிழ்ச் சொல்லில் தமிழ்க் கண்ணுக்கு ஐயம் வரும்போது, ஆங்கிலக் கண், அது `U` என்றும் `L` என்றும் உறுதியாகச் சொல்லிவிடும். ‘ப’வும் `U`வும், ‘ட’வும் `L`உம் உருவத்தில் எவ்வளவு நெருக்கம் என்று எழுதிப் பாருங்கள். திரும்பி ஆங்கில வரியிலும் இதே கதை: மங்கிய `L` ‘ட’ ஆகிவிடும்.

அதனால் படத்தையே வெட்டினேன். கைபேசியில் படத்தைத் திருத்தும் இடத்தில் உள்ள செதுக்கும் வசதியே போதும். தமிழ் வரிகள் ஒரு படம், ஆங்கில வரிகள் ஒரு படம், கலந்த இரண்டு வரிகள் தனித்தனிப் படம். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய ஒரே மொழியைச் சொன்னேன்:

```
tesseract tamil.png tamil -l tam --psm 6
tesseract english.png english -l eng --psm 6
tesseract vari8.png vari8 -l tam+eng --psm 7
```

`--psm 6` என்றால் “இது சீரான ஒரே பத்தி” என்று சொல்வது. `--psm 7` என்றால் “இது ஒரே ஒரு வரி”. முடிவுகள் `tamil.txt`, `english.txt` என்ற கோப்புகளில் வந்துவிடும். தமிழ்ப் படத்தில் இப்போது ஆங்கில எழுத்து நுழையும் வாய்ப்பு மிகக் குறைவு. தவறு வந்தாலும் பெரும்பாலும் தமிழுக்குள்ளேயே வரும்; தமிழ் ஆசிரியர் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். கணினி இல்லாதவர்கள் இதே வெட்டிய படங்களை லென்ஸ் செயலியில் ஒவ்வொன்றாகக் கொடுத்தாலும் முழுப் படத்தைக் கொடுப்பதைவிட நன்றாக வருகிறது.

வெட்டுவதற்கு முன் இன்னொன்று. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரம் சுமார் 30 பிக்சல் இருந்தால் டெசராக்ட் நன்றாக வாசிக்கும். அதில் பாதி இருந்தால் தமிழில் புள்ளிகள் காணாமல் போகும். அந்தத் தாயாரிடம், “அம்மா, அதே போட்டோவை டாக்குமெண்ட்டா அனுப்புங்க, நேரா நின்னு எடுங்க” என்று குரல் செய்தி அனுப்பினேன். மறுநாள் காலை பேருந்துக்கு வரும்போது மீண்டும் எடுத்து அனுப்பினார்கள். வலது ஓரம் அப்போதும் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் புள்ளிகள் வந்துவிட்டன.

தமிழ் வரிகளில் எங்கே பார்க்க வேண்டும்?

எழுத்து வந்துவிட்டது என்று விட்டுவிட முடியாது. தமிழில் தவறு வரும் இடங்கள் சில உண்டு, அவற்றை மட்டும் படத்தோடு ஒப்பிட்டால் போதும். முதலாவது புள்ளி. ‘கணக்குப் புத்தகம்’ என்பது ‘கணககுப புததகம்’ என்று வரும். இதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம், ஆபத்து குறைவு. இரண்டாவது, ‘ர’வும் துணைக்காலும். பல அச்செழுத்துகளில் இரண்டுக்கும் வடிவம் ஏறத்தாழ ஒன்றே. மூன்றாவது, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும். பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தமிழில் ‘ஆம்’, ‘இல்லை’ என்பது வாக்கியத்தின் கடைசியில், வினையின் வாலில் இருக்கிறது. ‘வேண்டும்’ என்பதற்கும் ‘வேண்டாம்’ என்பதற்கும் நடுவில் ஒரே எழுத்துதான் வேறுபாடு: டு, டா. ‘பெற்ற’, ‘பெறாத’ என்பதிலும் வேறுபாடு வினையின் வாலில்தான். சாய்வாக எடுத்த படத்தில் மங்குவது பெரும்பாலும் வரியின் ஓரம்; வாக்கியம் முடியும் இடம் பல நேரம் அங்கேதான் விழும். அந்த அறிவிப்பின் நான்காம் வரி, கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்பது. முதல் படத்தில் ‘சொல்லக்’ என்பதோடு வாசிப்பு நின்றுபோயிருந்தது. ‘கூடாது’ மங்கலில் மறைந்துவிட்டது. எனவே தமிழ்ப் பகுதியைச் சரிபார்க்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் படத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். கடைசிச் சொல் தெரியவில்லை என்றால் ஊகிக்கக் கூடாது, படத்தை மறுபடி கேட்க வேண்டும்.

ஆங்கில வரிகளில் வேறு இடம்

ஆங்கிலத்தில் மறுப்பு நடுவில், ஒரு சின்னச் சொல்லாக உட்கார்ந்திருக்கும். அது விழுந்துவிட்டாலும் மீதி வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே நிற்கும். படிப்பவருக்கு ஒரு சந்தேகமும் வராது. அறிவிப்பின் ஆறாம், ஏழாம் வரிகள் இவை:

```
Bank account should be Aadhaar seeded for DBT.
Linking with the bank alone is NOT sufficient.
```

முழுப் படத்தையும் ஒன்றாக வாசித்தபோது இரண்டாம் வரியில் `NOT` இல்லை. ஊதா முத்திரை சரியாக அந்தச் சொல்லின் மேல் விழுந்திருந்தது. “வங்கியில் இணைத்தால் மட்டும் போதாது” என்பது “வங்கியில் இணைத்தால் மட்டும் போதும்” என்று ஆகிவிட்டது. ஆங்கிலப் பகுதியைத் தனியாக வெட்டி வாசித்தபோது அதே இடத்தில் `N0T` என்று, நடுவில் சுழியத்தோடு வந்தது. தவறுதான், ஆனால் அங்கே ஒரு சொல் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. முத்திரையோ கையெழுத்தோ விழுந்த இடத்தில் எப்போதும் படத்தைப் பெரிதாக்கி, சொற்களை எண்ணிப் பாருங்கள். அச்சில் எட்டுச் சொல் இருந்து வாசிப்பில் ஏழு வந்தால் விட்டுப்போனதைத் தேட வேண்டும்.

இந்த இரண்டு வரிக்கும் தமிழ் அறிவிப்பில் இணையே இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். ஆங்கில வரிகள் தமிழ் வரிகளின் மொழிபெயர்ப்பு என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். பல அறிவிப்புகளில் அப்படி இருப்பதில்லை. ஒருவர் தமிழில் எழுதியிருப்பார், மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையின் வரியை அப்படியே ஆங்கிலத்தில் ஒட்டியிருப்பார்கள். அந்தத் தமிழில் சொன்னது: ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தக நகல் கொண்டு வாருங்கள். ஆங்கிலத்தில் சொன்னது: நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக அந்தக் கணக்கோடு ஆதார் பதியப்பட்டிருக்க வேண்டும்.

வங்கியில் ஆதார் கொடுத்திருப்பதும், உதவித்தொகை வர ஆதாரைப் பதிவதும் ஒன்றல்ல. நேரடிப் பரிமாற்றத்தில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்ற பட்டியலைத் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் வைத்திருக்கிறது. அதில் ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் இருக்கும். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால், கடைசியாகப் பதிந்த வங்கிக்கே பணம் போகும். பாஸ்புக் நகலில் வேறு கணக்கு எண் எழுதியிருந்தாலும் அது தடுக்காது.

எண்கள் எந்தக் கூட்டம்?

எண்களைத் தமிழோடும் சேர்க்காமல் ஆங்கிலத்தோடும் சேர்க்காமல் மூன்றாவதாக எடுத்து எழுதிக்கொள்வது நல்லது. தேதி, தொகை, தொலைபேசி, குறியீடு ஆகியவற்றை அக்கம்பக்கச் சொல்லை வைத்துச் சரிபார்க்க முடியாது. அவற்றுக்குத் தனி அடையாளங்கள் உண்டு. கைபேசி எண் பத்து இலக்கம். 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும். ஆதார் பன்னிரண்டு இலக்கம். வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு பதினோரு எழுத்து. முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் சுழியம், பிறகு கிளையைக் குறிக்கும் ஆறு. அந்த ஐந்தாம் இடத்தை வாசிப்பான்கள் `O` என்று எழுதிவிடும், நம் பிள்ளைகளும் அப்படியே நகலெடுத்துப் படிவத்தில் போடுவார்கள். அந்தத் தாயார் அடுத்து அனுப்பிய பாஸ்புக் படத்தில் இதே தவறு வந்தது. ஐந்தாம் இடம் என்ற ஒரு விதி தெரிந்திருந்ததால் உடனே பிடிபட்டது.

தேதியில் இன்னொரு சிக்கல். தமிழ் வரியில் ‘30ஆம் தேதிக்குள்’ என்று இருந்தது. ஆங்கில வரியில் `before 30th` என்று இருந்தது. நம் பேச்சில் ‘30ஆம் தேதிக்குள்’ என்றால் 30ஆம் தேதியும் சேர்ந்ததே என்று பெரும்பாலோர் எடுத்துக்கொள்வோம். ஆங்கில வரியின்படி 30ஆம் தேதி சேராது, 29ஆம் தேதியே கடைசி. எழுதியவர் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைத்திருப்பார். ஆனால் படிப்பவருக்குக் கடுமையான பொருளைச் சொல்வதுதான் பாதுகாப்பு.

கலந்த வரியும் பாமினி எழுத்தும்

கீழே இருந்த இரண்டு கலப்பு வரிகளில் ஒன்று, `scholarships.gov.in` என்ற தளத்தில் `Renewal` என்ற பகுதிக்குச் செல்லுமாறு தமிழ் வாக்கியத்தின் நடுவே சொல்வது. இதை வெட்டிப் பிரிக்க முடியாது. இரு மொழியையும் சேர்த்துக் கேட்டும் தளத்தின் பெயரில் புள்ளி ஒன்று விழுந்துவிட்டது. இரண்டே வரி என்பதால் படத்தைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்துவிட்டேன். இதுதான் இந்த முறையின் எல்லை. ஒரு வரிக்குள் நான்கைந்து முறை எழுத்து மாறினால் மென்பொருளோடு மல்லுக்கட்டுவதைவிடத் தட்டச்சே வேகம்.

எழுத்து வேறு, மொழி வேறு என்பதையும் இந்த வரிகளில்தான் பிள்ளைகளுக்குக் காட்ட முடியும். ‘ஆன்லைன்’, ‘அப்ளிகேஷன்’ என்று தமிழ் எழுத்தில் ஆங்கிலச் சொல் வரும். திருமண அழைப்பு, கோயில் விழா அறிவிப்புகளில் `Varuga` என்று ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல் வரும். வாசிப்பானுக்குக் கொடுக்கும்போது எழுத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். பொருள் சொல்லும்போது மொழியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘ஆதார் சீடிங்’ என்று தமிழ் எழுத்தில் போட்டிருந்தால் அது தமிழ் தெரிந்த பெற்றோருக்குப் புரியும் என்று ஆகிவிடாது.

அறிவிப்பு படமாக இல்லாமல் பி.டி.எஃப். கோப்பாக வரும்போது வேறொரு வகைக் குழப்பம் நேரும். திரையில் அழகான தமிழ் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் `jkpo;` என்று வரும். இது வாசிப்புப் பிழை அல்ல. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு அழுத்தும் விசைகள் அவை. ஒருங்குறியையும் டேஸ்-16ஐயும் தரமாகத் தமிழ்நாடு அரசு 2010இல் அறிவித்த பிறகும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்றும் சுற்றுகின்றன. இணையத்தில் உள்ள மாற்றியில் போட்டால் ஒருங்குறித் தமிழ் கிடைத்துவிடும். ஆனால் இங்கேயும் அதே பாடம்: முழுக் கோப்பையும் மாற்றியில் போடக் கூடாது. பாமினியில் `f` என்பது ‘க’, `e` என்பது ‘ந’. எனவே அதே கோப்பில் உண்மையான ஆங்கிலச் சொல்லாக `fee` இருந்தால் அது ‘கநந’ என்று மாறிவிடும், கட்டணம் பற்றிய வரியே காணாமல் போகும். தமிழ் வரிகளை மட்டும் எடுத்து மாற்றி, ஆங்கில வரிகளைத் தொடாமல் பழைய இடத்தில் சேர்க்க வேண்டும்.

வகுப்பறையில்

இதை எட்டாம் வகுப்பில் ஒரு பாடவேளையில் நடத்தினேன். கணினி தேவைப்படவில்லை. பெயர்களும் எண்களும் மாற்றிய ஓர் அறிவிப்பை நகலெடுத்து, வரிவரியாகக் கத்தரித்துக் கொடுத்தேன். வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவிடம் தமிழ்த் துண்டுகள், ஒரு குழுவிடம் ஆங்கிலத் துண்டுகள், மூன்றாம் குழுவிடம் கலப்பு வரிகளும் எண்களும். ஒரு குழு மற்றதன் துண்டுகளைப் பார்க்கக் கூடாது. இருபது நிமிடத்தில் தங்கள் துண்டுகள் என்ன செய்யச் சொல்கின்றன என்று தமிழில் எழுத வேண்டும். பிறகு மூன்றையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதினோம்.

ஆங்கிலக் குழு முதலில் தயங்கியது. அகராதி கொடுத்தேன். `seeded` என்ற சொல்லுக்கு அகராதியைப் பார்த்து ‘விதைக்கப்பட்ட’ என்று எழுதினார்கள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. “ஆதாரை எங்கடா விதைக்கிறது, மரவள்ளிக் காட்டுலயா?” என்று ஒருவன் கேட்டான். துறைச்சொல் ஒன்றின் பொருள் அகராதியில் கிடைக்காமல் போகலாம் என்பதை இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. தேதி வேறுபாட்டைக் கண்டுபிடித்தது எண் குழுதான். “சார், தமிழ்க்காரங்க முப்பது வரைக்கும் டைம் இருக்குன்னு எழுதிட்டாங்க, இங்கிலீஷ்காரங்க முப்பதுக்கு முன்னாடின்னு எழுதியிருக்காங்க, யாரு சரி?” என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள்.

தொடக்க வகுப்புகளுக்கு இதையே இன்னும் எளிதாக்கலாம். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் மூன்றாம் வகுப்பில் துண்டுகளை எழுத்துப்படி பிரிக்க மட்டும் சொன்னார். ‘30’ என்று மட்டும் இருந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை, “டீச்சர், இது தமிழா இங்கிலீஷா?” என்று கேட்டதாம். இந்தியாவில் தோன்றி அரபியர் வழியாக ஐரோப்பா போன எண்கள் அவை என்றும், தமிழுக்கென்று தனி எண்கள் உண்டு என்றும் சொல்லி, ‘௧’, ‘௨’ எழுதிக் காட்டினாராம். “இது கானா, உனா தானே டீச்சர்” என்று குழந்தைகள் விடவில்லை. தமிழ் எண் ஒன்றும் ‘க’வும் பார்வைக்கு ஒன்றே, இரண்டும் ‘உ’வும் அப்படியே. வாசிப்பான்களும் எப்போதாவது இங்கே தடுமாறுகின்றன.

பதில் போன விதம்

அந்தத் தாயாருக்கு நான் அனுப்பிய பதில் இரண்டு பகுதியாக இருந்தது. அறிவிப்பில் இருப்பது இது, இதன்படி நீங்கள் செய்ய வேண்டியது இது என்று பிரித்தேன். எழுத்தில் அனுப்பியதோடு குரலிலும் சொன்னேன்:

“அம்மா, தமிழ்ல போட்டிருக்கிறது: ஆதார் அட்டை, பாஸ்புக் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுப் போய் ரினியூவல் முடிக்கணும், ஓ.டி.பி. எண்ணை யாருகிட்டயும் சொல்லக் கூடாது. இங்கிலீஷ்ல இன்னொண்ணு போட்டிருக்கு, அது தமிழ்ல இல்ல: ஸ்காலர்ஷிப் பணம் வர்றதுக்கு ஆதாரை அந்தக் கணக்குல பதிஞ்சிருக்கணும், சும்மா பேங்க்ல ஆதார் குடுத்திருந்தா மட்டும் பத்தாது. தேதி 29-ன்னே வெச்சுக்குங்க. முதல்ல பேங்குக்குப் போய், ‘பாப்பா ஆதார் எந்த பேங்க்ல பணம் வர்றதுக்குப் பதிஞ்சிருக்கு’ன்னு கேளுங்க. அதுக்கப்புறம் அப்ளிகேஷன். முத்திரை விழுந்த இடத்துல ஒரு வார்த்தை சரியாத் தெரியல, நான் ‘பத்தாது’ன்னுதான் படிச்சேன், ஒட்டியிருக்கிற இடத்துல இருக்கிறவங்ககிட்ட ஒரு தடவ கேட்டுக்குங்க.”

கடைசி வாக்கியத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். தெளிவாகத் தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லி, அவர்கள் இருபது கிலோமீட்டர் பேருந்தில் வந்து திரும்பிப் போவதைவிட, எந்த இடத்தில் ஐயம் என்று சொல்லிவிடுவது மேல் என்று சேர்த்தேன்.

இரண்டு நாள் கழித்து வங்கிக்குப் போனார்கள். மாணவியின் ஆதார் இரண்டு ஆண்டுக்கு முன் தொடங்கிய வேறொரு வங்கிக் கணக்கில் பதிந்திருந்தது. அந்தக் கணக்கைத் தொடங்கியதையே வீட்டில் மறந்துபோயிருந்தார்கள். ஒப்புதல் படிவம் கொடுத்து மாற்றிக்கொண்டு, 27ஆம் தேதி விண்ணப்பத்தையும் முடித்தார்கள்.

அடுத்த வாரம் அவர்களிடமிருந்தே இன்னொரு படம் வந்தது. ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியது. இந்த முறை டாக்குமெண்ட்டாக, நேராக நின்று எடுத்திருந்தார்கள். தமிழ் வரிகள் ஒரு படம், ஆங்கில வரிகள் ஒரு படம் என்று இரண்டு. தமிழ்ப் படத்தின் கீழே, “இதை நானே படிச்சிட்டேன் சார், ரெண்டாவது மட்டும் சொல்லுங்க” என்று எழுதியிருந்தது.